காலிக் கட்டத்துக்கு என்ன நிறம்? பழக்கப் பதிவு ஷீட் பற்றிக் கேள்வி பதில்

தினசரிப் பதிவுகளைக் கூகுள் ஷீட்ஸில் கலர் கட்டங்களாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்களில் குழப்பம் வராமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்கிறேன். கூகுள் ஃபார்மிலிருந்து வரும் ஷீட்டில் A-யில் டைம்ஸ்டாம்ப், B-யில் பழக்கத்தின் பெயர், C-யில் நிமிடங்கள். Data மெனுவில் Named ranges போய் இந்த மூன்றுக்கும் stamp, habit, mins என்று பெயர் வைத்துவிடுங்கள். Grid என்று இன்னொரு ஷீட். அதில் A2 முதல் A5 வரை நான்கு பழக்கங்கள், B1 முதல் AE1 வரை 2025 ஜூன் மாதத்தின் 30 தேதிகள்.

மாடித்தோட்டம்: அக்கா, ஃபார்மில் தினமும் போடுகிறேன். Grid-இல் COUNTIFS கொடுத்தால் எல்லாக் கட்டத்திலும் 0 வருகிறது. பெயரில் எழுத்துப்பிழை இல்லை, பார்த்துவிட்டேன்.

டைம்ஸ்டாம்ப்பில் தேதியோடு நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷீட்ஸுக்கு ஒரு தேதி என்பது முழு எண்; நேரம் அதன் பின்னம். காலை 6 மணிக்கு நீங்கள் போட்ட பதிவு, அன்றைய எண்ணோடு 0.25 சேர்ந்தது. B1-இல் இருப்பதோ வெறும் முழு எண். இரண்டும் சமமா என்று கேட்டால் ஒருநாளும் ஆகாது. அதனால் "இந்தத் தேதி தொடங்கியதிலிருந்து அடுத்த தேதி தொடங்கும் முன்புவரை" என்று கேட்க வேண்டும். B2-இல் இதைப் போட்டு மற்றக் கட்டங்களுக்கு இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIFS(habit,$A2,stamp,">="&B$1,stamp,"<"&B$1+1)=0,"",
SUMIFS(mins,habit,$A2,stamp,">="&B$1,stamp,"<"&B$1+1))
```

டாலர் குறி எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். $A2 என்றால் பக்கவாட்டில் இழுத்தாலும் பழக்கத்தின் பெயர் நகராது. B$1 என்றால் கீழே இழுத்தாலும் தேதி நகராது.

மாடித்தோட்டம்: போட்டுவிட்டேன். இப்போது 6ஆம் தேதியில் மட்டும் எண் வருகிறது, மற்றதெல்லாம் காலி!

தேதிகளை 1/6/2025, 2/6/2025 என்று கையால் அடித்திருப்பீர்கள். உங்கள் ஷீட் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. அது 1/6 என்பதை ஜனவரி 6 என்று படிக்கிறது, 2/6 பிப்ரவரி 6. எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருவது 6/6 மட்டும்தான், அதனால் அது தப்பித்தது. 13/6-லிருந்து பாருங்கள், மாதம் 13 என்று ஒன்று இல்லாததால் அவை வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடதுபக்கம் ஒட்டி நிற்கும். File, Settings, Locale-இல் India என்று மாற்றுங்கள். அதே இடத்தில் Time zone-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள், அது தப்பாக இருந்தால் பதிவுகள் பக்கத்து நாளுக்குத் தாவும். ஏற்கெனவே அடித்த தேதிகள் தானாகத் திருந்தாது. B1-இல் மட்டும் புதிதாக அடித்துவிட்டு, C1-இல் =B1+1 போட்டு இழுங்கள்.

கணக்கு வாத்தியார்: நிறம் கொடுக்க Conditional formatting-இல் தனித்தனி ரூல் எல்லாம் எதற்கு மேடம்? Color scale ஒன்று போட்டால் வேலை முடிந்தது. காலிக் கட்டத்தை அது தொடவே தொடாது.

காலியைத் தொடாது என்பது சரிதான் சார். ஆனால் Max value என்று விட்டுவைத்தால், உள்ளதிலேயே பெரிய எண்ணுக்குத்தான் கரும்பச்சை கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ 180 நிமிடம் சைக்கிள் ஓட்டினால் போதும், தினமும் 30 நிமிடம் நடந்த கட்டமெல்லாம் வெளிறிப்போகும். நேற்றுவரை நன்றாக இருந்த மாதம் ஒரே நாளில் மோசமாகத் தெரியும். Minpoint, Maxpoint இரண்டையும் Number என்று மாற்றி 0, 45 என்று நிலைநிறுத்தினால் இது நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. "செய்யவில்லை" என்று நேர்மையாக 0 போட்ட நாளும், பதிவே செய்யாத நாளும் இதில் ஒரே வெள்ளை. அந்த வித்தியாசம் வேண்டாம் என்பவர்களுக்கு உங்கள் வழியே போதும்.

அரியர் மாணவன்: அக்கா, முதலில் ஒன்றும் போடாத நாளெல்லாம் சிவப்பாக இருந்தது, வராத தேதிகள்கூட. இப்போது மேலே உள்ள ஃபார்முலாவைப் போட்டதும் அதே கட்டமெல்லாம் கரும்பச்சை ஆகிவிட்டது. ஒன்றும் படிக்காத மாதம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது.

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. "காலி"யில் இரண்டு வகை உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லாத கட்டத்தை ஒப்பிடும்போது ஷீட்ஸ் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் =B2=0 என்ற சிவப்பு ரூல் அதைப் பிடித்தது. இப்போது அதே கட்டத்தில் ஃபார்முலா இருக்கிறது, அது "" என்று விடை தருகிறது. பார்க்கக் காலிதான், ஆனால் அது எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. எனவே =B2>=30 என்பது உண்மையாகிவிடுகிறது. எக்செலிலும் இதே கதைதான்.

மருந்து, ரூல்களின் வரிசையில் இருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து முதலில் பொருந்தும் ரூலோடு ஷீட்ஸ் நின்றுவிடும். காலியை மேலேயே பிடித்துவிட்டால் கீழே உள்ள எண் ரூல்கள் அதைத் தொடாது. B2:AE5-ஐத் தேர்ந்தெடுத்து, Format, Conditional formatting, Custom formula is என்று போய் இந்த வரிசையில் ஐந்து ரூல்:

```
=AND(B$1>=TODAY(),B2="")
=B2=""
=B2=0
=B2>=30
=B2>0
```

நிறங்கள் முறையே வெள்ளை, சாம்பல், ஆரஞ்சு, கரும்பச்சை, இளம்பச்சை. இன்று ஜூன் 20 என்று வைத்துக்கொண்டு உன் "படிப்பு" வரிசையைப் பார்ப்போம். 17ஆம் தேதி 35 நிமிடம், கரும்பச்சை. 18 அன்று 0 என்று போட்டாய், ஆரஞ்சு. 19 அன்று ஃபார்மையே திறக்கவில்லை, சாம்பல். 20 இன்னும் முடியவில்லை, பதிவு வரும்வரை வெள்ளை. 10 நிமிடம் என்று போட்டவுடன் இளம்பச்சை. ஆரஞ்சு நிறைய இருந்தால் படிப்பில் பிரச்சினை, சாம்பல் நிறைய இருந்தால் பதிவு செய்வதில் பிரச்சினை. இரண்டையும் ஒரே சிவப்பில் போட்டால் எது என்று தெரியாது.

ரூலை எழுதும்போது, தேர்ந்தெடுத்த பகுதியின் இடது மேல் மூலைக் கட்டத்துக்கு எழுதுவதாக நினைத்துக்கொள். பகுதி B2-இல் தொடங்கும்போது ரூலில் C2 என்று எழுதினால், ஒவ்வொரு நாளும் மறுநாளின் நிறத்தில் நிற்கும். நிறங்கள் சரியாக ஒரு கட்டம் தள்ளித் தெரிந்தால் இதுதான் காரணம்.

நைட் ட்யூட்டி: மேடம், நான் நர்ஸ். வீட்டுக்கு வந்து பதிவு போட நள்ளிரவு 12.40 ஆகிவிடும். அன்றைய கட்டம் சாம்பல், மறுநாள் இரட்டிப்பு நிமிடம்.

நாளின் எல்லையை விடியற்காலை 4 மணிக்கு நகர்த்திவிடுங்கள். ஃபார்முலாவில் B$1 வரும் நான்கு இடத்திலும் 4/24 சேர்க்க வேண்டும்: ">="&B$1+4/24 என்றும், "<"&B$1+1+4/24 என்றும். முதல் ரூலில் TODAY() இருக்கும் இடத்தில் INT(NOW()-4/24) போடுங்கள். இல்லையென்றால் 12 மணி அடித்தவுடனே அன்றைய வெள்ளைக் கட்டம் சாம்பலாகிவிடும், நீங்கள் பஸ்ஸில் இருக்கும்போதே.

நைட் ட்யூட்டி: ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு ட்யூட்டியில் காலை 8 மணிக்குத்தான் போடுவேன்.

அதற்கு ஒரே எல்லை ஒத்துவராது. ஃபார்மிலேயே Date வகையில் ஒரு கேள்வி சேர்த்து, எந்த நாளுக்கான பதிவு என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். stamp என்ற பெயரை அந்த நெடுவரிசைக்கு மாற்றி, 4/24-ஐ எடுத்துவிடுங்கள். முதல் ரூலில் இன்னும் உரசல் இருக்கும். அதைச் சுத்தமாகத் தீர்க்க என்னிடம் வழி இல்லை.

சமையல்கட்டு: நான் ஃபார்ம் கீர்ம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பெயிண்ட் பக்கெட்டில் கையாலேயே பச்சை அடிக்கிறேன். மாதக் கடைசியில் எத்தனை பச்சை என்று எண்ண ஃபார்முலா சொல்லுங்கள்.

கட்டத்தின் நிறத்தைப் படிக்கும் ஃபார்முலா ஷீட்ஸில் கிடையாது. நிறம் அடிக்கும் இடத்தில் 1 என்று அடித்துவிடுங்கள், =B2=1 என்ற ரூல் பச்சையை அடித்துக்கொள்ளும். எண் கண்ணை உறுத்தினால் Custom number format-இல் ;;; என்று மூன்று அரைப்புள்ளி போட்டால் மறைந்துவிடும். எண்ணுவதற்கு =COUNTIF(B2:AE2,">0") போதும்.

மூன்று நாள் ஜிம்: திங்கள், புதன், வெள்ளி மட்டும் போகிறேன். மற்ற நான்கு நாளும் சாம்பலாக நின்று, ஏதோ ஏமாற்றியது போல இருக்கிறது.

ஜிம் வரிசை 5 என்றால், H5:AE5-க்கு மட்டும் ஒரு ரூல் சேர்த்து, அதை வெள்ளைக்குக் கீழே, சாம்பலுக்கு மேலே வையுங்கள்:

```
=AND(H5="",COUNTIF(B5:H5,">0")>=3)
```

அன்றைய நாளையும் சேர்த்துக் கடைசி ஏழு நாளில் மூன்று முறை போயிருந்தால், அந்தக் காலி நாள் ஓய்வு. மிக இளம் நீலம் ஏதாவது கொடுங்கள்.

கணக்கு வாத்தியார்: இதில் அநியாயம் இருக்கிறது மேடம். ஒரு புதன் தவறினால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள்.

எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி. புதன், வியாழன், சனி, ஞாயிறு, அடுத்த செவ்வாய் என்று ஐந்து கட்டம் சாம்பலாகிறது. மறுபடி வரும் புதன் போனபிறகுதான் ஓய்வு நிறம் திரும்புகிறது. ஞாயிறு முதல் சனிவரை என்று வாரத்தைக் கட்டி எண்ணினால் பாதிப்பு அந்த வாரத்தோடு முடியும். ஆனால் வாரம் பாதியில் இருக்கும்போது ஓய்வு நாளுக்கு என்ன நிறம் என்று அதில் சொல்ல முடியாது, சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கிறது, உடனே தெரிகிறது. வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

பேத்தி: தாத்தாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும்.

ஒரே நீலத்தின் அடர்த்தியை மாற்றுங்கள், கூடவே குறியும் வையுங்கள். இந்த எண் வடிவம் நிறமே இல்லாமல் பேசும்:

```
[=0]"×";[>=30]"●";"○"
```

மாடித்தோட்டம்: ஒன்று மட்டும் அக்கா. பத்து நாள் ஆனதும் ரூல் பட்டியலில் ஒரே ரூல் ஏழெட்டு முறை நிற்கிறது, நிறம் அங்கங்கே மாறுகிறது.

Grid-க்குள் கட்டங்களை அப்படியே காப்பி பேஸ்ட் செய்கிறீர்கள். கட்டத்தோடு அதன் ரூலும் போய் ஒட்டி, பகுதி துண்டுதுண்டாகிறது. Ctrl+Shift+V போட்டால் மதிப்பு மட்டும் ஒட்டும். துண்டான ரூல்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேலே உள்ள ஐந்தையும் மறுபடி எழுதுவது சீக்கிரம் முடியும்.