‘ஆளுக்கு 2,950++’ என்றால் கையில் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு அண்டைக்கு மட்டக்களப்பு டவுனில ஒரு உணவகம் மதியச் சாப்பாட்டுக்கு அறிவித்தல் போட்டிருக்காங்க. “நண்டு, இறால், ஆட்டிறைச்சி உட்பட 18 வகை, ஆளுக்கு 2,950++, 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாதி விலை, முற்பணம் 50%” எண்டு இருக்கு. நாங்க பெரியாக்கள் 6 பேர், பிள்ளைகள் 3 பேர் (11, 7, 4 வயது). அம்மா அண்டைக்கு மரக்கறிதான். காசு கட்ட முதல் என்ன கேக்கணும்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அந்த இரண்டு கூட்டல் குறிகளில் இருந்து தொடங்குவோம். ஒன்று சேவைக் கட்டணம். பெரும்பாலான இடங்களில் 10 வீதம். மற்றது அரச வரி. வற் வரி இப்போது 18 வீதம். இரண்டும் 2,950க்கு மேலே ஏறும். விலைக்குப் பக்கத்தில் ‘நெற்’ என்றோ ‘எல்லாம் உட்பட’ என்றோ இருந்தால்தான் அந்தத் தொகையே முழுத் தொகை.

உங்கள் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் 6, பிள்ளைகள் 3 அரை விலை என்று நினைத்தால் மனதில் வரும் தொகை 22,125 ரூபாய். ஆனால் 11 வயதுப் பிள்ளைக்கு முழு விலை. அப்போது 7 முழு விலைக்கு 20,650, இரண்டு அரை விலைக்கு 2,950, மொத்தம் 23,600. சேவைக் கட்டணம் 2,360, வற் 4,248 சேர்ந்தால் 30,208 ரூபாய். நினைத்ததை விட எட்டாயிரத்துக்கு மேல் கூட. சேவைக் கட்டணத்தின் மேலும் வரி போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள், “பெரியாக்கள் 6, பிள்ளைகள் 11, 7, 4 வயது, எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். 4 வயதுப் பிள்ளையைப் பற்றி அறிவித்தலில் தனியாக எதுவும் இல்லை. பல இடங்களில் 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காசு எடுப்பதில்லை, கேட்டால் கிடைக்கும். 50 வீத முற்பணம் எந்தத் தொகையில் என்பதையும் கேளுங்கள்: 23,600இல் என்றால் 11,800, முழுத் தொகையில் என்றால் 15,104. இன்னொன்று, வற் பதிவு இல்லாத இடம் வற் அறவிட முடியாது. வரியைப் பில்லில் தனியாகப் போடுகிறவர்கள் பதிவு இலக்கத்தையும் அதே பில்லில் போட வேண்டும்.

அடுத்தது ‘18 வகை’. இந்த எண்ணிக்கையில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், சம்பல் எல்லாம் ஒவ்வொரு வகையாக எண்ணப்படுவது வழமை. அதில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது நண்டுக்கும் இறாலுக்கும் ஆட்டிறைச்சிக்கும்தான். அந்த மூன்றும் நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபேயில் இருக்குமா, அல்லது ஆளுக்கு இத்தனை துண்டு என்று பரிமாறுவார்களா என்று கேளுங்கள். நண்டு ஆளுக்கு ஒன்றா, பாதியா? இது தெரியாமல் போனால், கடைசியாக வருகிற மேசைக்கு நண்டுச் சட்டியில் குழம்பும் கால்களும்தான் மிஞ்சும். புத்தாண்டையொட்டி மீனவர்களும் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் நிற்பார்கள், அதனால் அன்று சமைக்கும் நண்டு முந்திய நாட்களில் வாங்கி ஐஸில் அல்லது ஃப்ரீஸரில் வைத்ததாக இருக்கலாம். பச்சையாக உறைய வைத்த நண்டின் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நார்நாராகப் பிரியும். புதிய நண்டில் சதை முழுசாகக் கழன்று வரும். உறைய வைத்தது என்று முன்கூட்டியே சொன்னால் குற்றமில்லை. அறிவித்தலில் ‘புதிய வாவி நண்டு’ என்று போட்டுவிட்டு அதைக் கொடுத்தால்தான் குற்றம்.

அம்மாவின் விஷயத்தை இரண்டாகக் கேளுங்கள். முதலாவது விலை. நண்டும் இறைச்சியும் தொடாத ஒருவருக்கு 2,950 அறவிடுவது நியாயமில்லை, மரக்கறிக்குத் தனி விலை தருவீர்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பில் வந்த பிறகு கேட்டால் கணினியில் மாற்ற முடியாது என்பார்கள். இரண்டாவது மாசி. தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசி போடுவது நம் சமையலறைகளில் சாதாரணம், கேட்டால் “மரக்கறிதான்” என்றே சொல்வார்கள். “மாசி, கருவாடு போடாததா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தனி மேசையில், தனி அகப்பையோடு வைப்பார்களா என்பதும் புத்தாண்டு அன்று பெரிய விஷயம்.

நேரம். பண்டிகை நாளில் பல இடங்கள் இரண்டு சுற்றாகப் பரிமாறும்: 12.00 முதல் 1.30 வரை ஒன்று, 1.45இல் இருந்து அடுத்தது. வருடம் பிறக்கும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் மாறும், வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வேறுபடும். புண்ணிய காலத்தில் மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், கைவிசேஷம் வாங்கி, பிறகு களுவாஞ்சிகுடியில் இருந்து பிள்ளைகளோடு புறப்பட வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு சுற்றைத் தெரிவு செய்யுங்கள். பிந்தினால் மேசையை எத்தனை நிமிடம் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

அறிவித்தல்களில் யாரும் எழுதாதது ஒன்று இருக்கிறது. இடையில் துடக்கு வந்தால் முழுக் குடும்பமும் போக முடியாது. “முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று இருந்தாலும், “துடக்கு என்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவீர்களா?” என்று முன்பே கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காசு கட்டும்போது அறிவித்தலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு அது மாற்றப்படலாம். வங்கிக்கு அனுப்புவதானால் கணக்கின் பெயர் உணவகத்தின் பெயரா, யாரோ ஒருவரின் பெயரா என்று பாருங்கள். பிரபலமான இடங்களின் படத்தை எடுத்துப் போலிப் பக்கம் நடத்தி முற்பணம் வாங்குவது நடக்கிறது. கடைப் பலகையில் உள்ள இலக்கத்துக்கு ஒரு முறை போன் எடுத்தால் தெரிந்துவிடும். ரசீதில் திகதி, சுற்று, ஆட்கள், முழுத் தொகை, கட்டிய தொகை ஐந்தும் இருக்க வேண்டும்.

அன்று சொன்னது மேசைக்கு வராவிட்டால் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திராதீர்கள். மேசையில் இருக்கும்போதே பொறுப்பானவரைக் கூப்பிட்டு ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டி, அந்த உணவைத் தரச் சொல்லுங்கள் அல்லது தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்றால் பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். இல்லாததை இருப்பதாக விளம்பரம் செய்வது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துக்கு விரோதம். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில்லும் ஸ்கிரீன்ஷொட்டும் இல்லாத முறைப்பாட்டில் வலு இருக்காது.

கேள்வி: நோன்புப் பெருநாளைக்கு விசேட மெனு எண்டு அழகா படம் போட்டு அறிவிச்சோம். லைக் நிறைய, “விலை என்ன?” எண்டு கேள்வியும் நிறைய. மேசை பதிவு மட்டும் நாலஞ்சுதான். எங்கட்ட 12 மேசை இருக்கு. அடுத்த முறை எப்படி எழுதுறது?
— உணவக உரிமையாளர், அக்கரைப்பற்று

பதில்: “விலை என்ன?” என்று ஆட்கள் கேட்டதே காரணத்தைச் சொல்கிறது. விலை தெரியாமல் யாரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரச் சம்மதிக்கமாட்டார்கள், கேட்டுப் பதில் வருவதற்குள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். படத்துக்கு மேலே, முதல் வரிகளிலேயே இப்படி எழுதுங்கள்:

> பெருநாள் மறுநாள் மதிய சகன். 6 பேருக்கு 12,600 ரூபாய், எல்லாம் உட்பட. ஆட்டிறைச்சிப் புரியாணி, பொரித்த கோழி 6 துண்டு, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு, வட்டிலப்பம் 6 கிண்ணம். சுற்று 12.30 அல்லது 2.30. முற்பணம் சகனுக்கு 3,000. பெயர், எத்தனை சகன், எந்தச் சுற்று என்று வட்ஸ்அப் அனுப்புங்கள். பதிவு 27ஆம் நோன்போடு முடியும்.

சகன் என்றால் எத்தனை பேருக்கு என்பது எழுதப்படாமல் போனால் சண்டை வரும் இடம் அதுதான். ஐந்து பேர் வந்தால் விலை குறையுமா, ஏழாவது ஆள் வந்தால் எவ்வளவு என்பதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

திகதியை எண்ணில் போடாதீர்கள். பிறை 29ஆம் நோன்பின் இரவு தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் 30 நோன்பு பூர்த்தி. ‘பெருநாள் மறுநாள்’ என்று எழுதினால் பதிவு தானாக நகரும். நாள் மாறியதால் வர முடியாதவருக்கு முற்பணம் முழுதாகத் திரும்பும் என்றும் எழுதுங்கள். வெளியூரில் வேலை செய்து லீவில் வருகிறவர்கள் பதிவு செய்யத் தயங்குவது இதற்காகத்தான்.

27ஆம் நோன்போடு பதிவை மூடச் சொல்வதற்குக் கணக்கு உண்டு. 12 மேசை, இரண்டு சுற்று, மேசைக்கு ஒரு சகன் என்றால் 24 சகன். சகனுக்கு அரிசி 1 கிலோ, எலும்போடு ஆட்டிறைச்சி ஒன்றேகால் கிலோ என்று வைத்தால் அரிசி 24 கிலோ, இறைச்சி 30 கிலோ. பெருநாள் நெருக்கத்தில் கடைசி நேரத்தில் 30 கிலோ இறைச்சி தேடினால் விலையும் ஏறும், தரமும் கையில் இருக்காது. எண்ணிக்கை முன்பே தெரிந்தால் இறைச்சிக் கடைக்குச் சரியாகச் சொல்லி வைக்கலாம். பிறை ஒரு நாள் தள்ளினாலும் அறுப்பு நாளைத் தள்ளச் சொல்வது லேசு. வாங்கிய இறைச்சியை வைத்திருப்பதுதான் கஷ்டம்.

பதிவை ஒரே கொப்பியில் எழுதுங்கள். போனில் ஒருவர், ஃபேஸ்புக் மெசேஜில் இன்னொருவர் தனித்தனியாகப் பதிந்தால் ஒரே மேசை இரண்டு குடும்பத்துக்குப் போகும், அது அன்று மதியம்தான் தெரிய வரும். முற்பணம் வந்த பிறகே மேசை இலக்கத்தை எழுதி, அதே இலக்கத்தை அவருக்கும் அனுப்புங்கள். ஒரு சுற்று நிரம்பியவுடன் பழைய அறிவித்தலிலேயே “12.30 நிரம்பிவிட்டது, 2.30க்கு 5 மேசை உண்டு” என்று உண்மையான எண்ணிக்கையோடு திருத்துங்கள். இல்லாவிட்டால் இல்லாத சுற்றுக்கு வரும் போனுக்குப் பதில் சொல்லியே நாள் போய்விடும்.