கேக்கில் பழம் ஏன் அடியில் போய் உட்காருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 200 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 120 மில்லி எண்ணெய், 2 முட்டை, 240 மில்லி பால், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்ற அளவில் கேக் செய்கிறேன். 200 கிராம் ப்ளூபெர்ரியை மைதாவில் நன்றாகப் புரட்டித்தான் சேர்க்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பழம் முழுவதும் அடியில் ஒரு பட்டையாகப் படிந்துவிடுகிறது. மாவு போதவில்லையா?

பதில்: மாவில் குறை இல்லை. உங்கள் கலவை நீர்த்திருக்கிறது. பழத்தை மாவில் புரட்டினால் அது அடியில் இறங்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். ஒரே கலவையை இரண்டு டின்களில் பிரித்து ஊற்றி, ஒன்றில் மாவு புரட்டிய பழத்தையும் மற்றொன்றில் புரட்டாத பழத்தையும் போட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன். கலவை நீர்த்திருந்தபோது இரண்டிலும் பழம் அடிக்குப் போனது. கெட்டியாக இருந்தபோது இரண்டிலும் அநேகமாகப் போட்ட இடத்திலேயே நின்றது.

காரணம் எளிது. காற்று ஏறிய கேக் கலவை, அதே கன அளவுள்ள பழத்தைவிட எடை குறைந்தது. ஆகவே பழம் எப்போதும் கீழே இறங்கத்தான் பார்க்கும். அதைத் தாங்கிப் பிடிப்பது கலவையின் கெட்டித்தன்மை ஒன்றுதான். ஓவனுக்குள் வைத்தவுடன் கலவை இறுகிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சூடு ஏற ஏற முதலில் அது இன்னும் இளகுகிறது, வெண்ணெய் சேர்த்த கலவை என்றால் வெண்ணெய் உருகுவதால் மேலும் இளகுகிறது, அதன் பிறகுதான் மாவிலுள்ள மாச்சத்து உப்பி, முட்டை உறைந்து, கேக் தன் உருவத்தில் நிற்கத் தொடங்குகிறது. இந்த இடைவெளியில்தான் பழம் கீழே போகிறது. பாத்திரத்தில் கலக்கும்போது அழகாக மிதந்த பழம் வெந்த பிறகு அடியில் கிடப்பதும் இதனால்தான்.

உங்கள் அளவுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 200 கிராம் மைதாவுக்குப் பால் 240 மில்லி, எண்ணெய் 120 மில்லி, முட்டை ஏறக்குறைய 100 மில்லி என்று மொத்தம் 460 மில்லி திரவம் சேர்கிறது. போதாததற்கு, 200 கிராம் சர்க்கரையும் கரைந்து கலவையை இளக்குகிறது. பழம் போடாத சாதாரண கேக்குக்கு இந்த நீர்ப்பதம் ஒத்துவரலாம், ஆனால் பழத்தைத் தாங்காது.

எனவே மைதா, எண்ணெய், முட்டை, பேக்கிங் பவுடர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, பாலுக்குப் பதிலாக 150 கிராம் கெட்டித் தயிர் சேருங்கள். சர்க்கரையை 160 கிராமாகவும் பழத்தை 150 கிராமாகவும் குறையுங்கள். பால் குறைந்தால் கேக் வறண்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம், பழமே வேகும்போது ஈரம் விடும். கலவையைச் சேர்த்து முடித்ததும் பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தால், மாவு ஈரத்தை உறிஞ்சி இன்னும் சற்று இறுகும்.

டின்னில் ஊற்றும்போது, முதலில் பழம் கலக்காத வெறும் கலவையை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். மீதிக் கலவையில் பழத்தின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் சேர்த்து, ஸ்பேச்சுலாவால் நான்கைந்து முறை மடித்து, அதன்மேல் ஊற்றுங்கள். மிஞ்சிய பழத்தை மேலே தூவி, விரலால் லேசாக அமுக்கிவிடுங்கள். வேகும்போது இவை கொஞ்சம் இறங்கி, கேக்கின் மேல் பாதியில் நிற்கும். 170 டிகிரி செல்சியஸில், நீளமான ரொட்டி டின்னில், 55 முதல் 65 நிமிடம் பிடிக்கும்.

ஓவனில் வைப்பதற்கு முன்பே பதத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு சிறிய கண்ணாடித் தம்ளரில் கலவையை மூன்று விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மேலே ஒரே ஒரு பழத்தை வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது பழத்தின் தலை வெளியே தெரிந்தால் கலவை தாங்கும். பழம் மூழ்கிக் கலவை அதன்மேல் மூடிக்கொண்டிருந்தால், ஓவனில் அது அடிக்குத்தான் போகும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி மைதா கூடுதலாகச் சேர்த்து, கட்டி மறையும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். தம்ளரில் ஊற்றியதையும் வீணாக்காமல் டின்னிலேயே சேர்த்துவிடலாம்.

கேள்வி: அப்படியானால் பழத்தை மாவில் புரட்டவே வேண்டாமா?

பதில்: புரட்டுங்கள், ஆனால் அது எதற்கு என்று தெரிந்து புரட்டுங்கள். பழத்தின் மேல்தோலில் கசியும் சாற்றை அந்த மாவு உறிஞ்சிக்கொள்வதால், பழத்தைச் சுற்றிப் பிசுபிசுப்பான வளையம் உண்டாவது குறைகிறது. வழவழப்பான தோலைக் கலவை பற்றிக்கொள்ளவும் அது சற்று உதவுகிறது. 150 கிராம் பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மைதா போதும். அதையும் கேக்குக்கு அளந்துவைத்த மைதாவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டிய பிறகு சல்லடையில் போட்டு இரண்டு தட்டு தட்டி, ஒட்டாத மாவை உதிர்த்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் வெந்த கேக்கில் வெள்ளை வெள்ளையாக மாவுத் திட்டுகள் தெரியும்.

இதைவிட முக்கியமானது பழம் உலர்ந்திருப்பது. கழுவிய ஈரத்தோடு மாவில் போட்டால், அது பசையாகி ஒட்டிக்கொள்ளும். கழுவிய பழத்தைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, அரை மணி நேரமாவது காற்றாட விட்ட பிறகே மாவில் போடுங்கள்.

கேள்வி: உறைந்த பெர்ரியை உருகவைத்துத்தான் சேர்க்க வேண்டுமா? நான் உருகவைத்துச் சேர்த்தபோது கேக் முழுவதும் ஊதாவாகி, சில இடங்களில் பச்சை நிறமும் தெரிந்தது.

பதில்: உருகவைக்காதீர்கள். பழம் உறையும்போது அதனுள் உண்டாகும் பனித்துகள்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. அது உருகியதும் சாறு முழுவதும் வெளியே வந்துவிடும், அந்தச் சாறுதான் உங்கள் கலவையில் கலந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்த பழத்தை நேரே மாவில் புரட்டி, கலவை முழுவதும் தயாராகி, ஓவனும் சூடேறிய பிறகு, கடைசியாகச் சேர்த்து உடனே டின்னில் ஊற்றுங்கள். வெண்ணெய்க் கலவையில் இதனால் ஒரு நன்மையும் உண்டு: பழத்தின் குளிர்ச்சி பட்டதும் வெண்ணெய் இறுகி, கலவை கெட்டிப்பட்டு, பழத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். அதே குளிர்ச்சியால் கேக் வேக ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பச்சை நிறத்தால் கெடுதி ஒன்றும் இல்லை. ப்ளூபெர்ரியின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். உங்கள் செய்முறையில் பேக்கிங் சோடா மிகுதியாக இருந்திருக்க வேண்டும். சோடாவைக் குறைத்து பேக்கிங் பவுடரைப் பயன்படுத்தினாலோ, சோடாவுக்கு ஈடாகத் தயிர் சேர்த்தாலோ நிறம் மாறாது.

கேள்வி: ஆப்பிளையும் ஸ்ட்ராபெர்ரியையும் நறுக்கிச் சேர்த்தால், துண்டுகளைச் சுற்றிலும் கேக் கொழகொழவென்று இருக்கிறது. நறுக்கிய பழத்தை என்ன செய்வது?

பதில்: முழுப் பழத்துக்குத் தோல் என்ற காப்பு இருக்கிறது. கத்தி பட்ட பழத்துக்கு அது இல்லை, வெட்டிய முகங்கள் எல்லாவற்றிலிருந்தும் சாறு கசியும். அதற்காகப் பெரிய துண்டாகப் போட்டால் துண்டு வேகமாக அடிக்கு இறங்கும். துண்டின் அளவைப் பாதியாக்கினால் அது இறங்கும் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதால், ஒரு சென்டிமீட்டர் துண்டுகளே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. மிகப் பொடியாக நறுக்கினால் பழம் இருப்பதே தெரியாமல் சாறு மட்டும் மிஞ்சும்.

ஆப்பிளின் நீரை அடுப்பிலேயே போக்கிவிடலாம். 200 கிராம் துண்டுகளை அகலமான வாணலியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயோடு போட்டு, மூடாமல், நடுத்தரத் தீயில் வதக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் சலசலவென்று நீர் விடும். பிறகு அந்த நீர் வற்றி, சத்தம் மாறி, துண்டுகளின் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும். அப்போது தராசில் வைத்தால் 150 கிராமுக்கு அருகில் காட்டும். குறைந்த அந்த 50 கிராமும், வதக்காமல் போட்டிருந்தால் கேக்குக்குள் போயிருக்கக்கூடிய நீர். தட்டில் பரப்பி முழுவதும் ஆறிய பிறகே கலவையில் சேருங்கள், வெதுவெதுப்பாக இருந்தாலும் வெண்ணெயை உருக்கிக் கலவையை இளக்கிவிடும்.

ஸ்ட்ராபெர்ரியை இப்படி வதக்கினால் கூழாகிவிடும். அதை இரண்டாகவோ நான்காகவோ வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி காகிதத் துவாலையில் இருபது நிமிடம் வைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். அதைக் கலவைக்குள் மடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வெட்டிய முகம் மேலே பார்க்கும்படி கேக்கின் மேற்பரப்பில் அடுக்கினால், ஓவனின் சூட்டில் சாறு ஆவியாகிப் போக வழி கிடைக்கும். எந்தப் பழமானாலும் முன்கூட்டியே சர்க்கரை தூவி வைக்காதீர்கள், சர்க்கரை நீரை வெளியே இழுக்கும். டப்பாவில் அடைத்த பழமானால், பாகை முழுவதும் வடித்து, சல்லடையில் லேசாக அழுத்தி, துணியில் ஒற்றிய பிறகு சேர்க்கலாம்.

கேள்வி: கேக் ஈரமாக இருப்பது பழச்சாற்றினாலா, சரியாக வேகாததாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆறிய கேக்கின் நடுவில் ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். பழத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் மட்டும் நிறம் ஏறி ஈரமாக இருந்து, மற்ற இடங்களில் கேக் பூப்போல இருந்தால், அது சாறு. பழமே இல்லாத இடத்திலும், அடியை ஒட்டி அல்லது நடுவில், களிபோலப் பளபளக்கும் ஒரு பட்டை தெரிந்தால், கேக் வேகவில்லை அல்லது கலவையில் நீர் மிகுதி.

பழக் கேக்கில் குச்சியால் குத்திப் பார்ப்பது ஏமாற்றக்கூடியது. குச்சி பழத்தில் பட்டால், வெந்த கேக்கிலும் ஈரமாகவே வரும். மூன்று இடங்களில் குத்தி, ஒட்டியிருப்பது சாறா மாவா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 97 டிகிரி செல்சியஸ் காட்டும்போது எடுத்துவிடலாம். எடுத்த கேக்கை டின்னிலேயே ஆறவிடுவதும் ஒரு காரணமாகலாம். நீராவி வெளியேற வழியில்லாமல் டின்னின் ஓரத்தில் நீராகி, அடியை நனைக்கும். பதினைந்து நிமிடத்தில் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்கில் பழத்தைக் கலக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் கலவை பெரும்பாலும் காற்று. அது பழத்தைத் தாங்காது, மடிக்கும்போது நுரையும் அடங்கிவிடும். ஸ்பாஞ்சைத் தனியாகச் சுட்டு, முழுவதும் ஆறிய பிறகு குறுக்கே வெட்டி, இரண்டு வெட்டு முகங்களிலும் க்ரீமை மெல்லியதாகத் தடவி, நடுவில் பழத்தை அடுக்குங்கள். க்ரீமில் உள்ள கொழுப்பு, சாறு ஸ்பாஞ்சில் ஊறுவதைத் தாமதப்படுத்தும். இருந்தாலும் அன்றைக்கே பரிமாறிவிடுவது நல்லது.