கடன் செலவுக்கு 8% கூப்பனா, ஒய்டிஎம்மா?

“முகமதிப்பு 1000, கூப்பன் 8%, இன்னும் 5 வருஷம், சந்தை விலை 924.18. இப்படி 1 லட்சம் பத்திரம். பங்கின் சந்தை மதிப்பு 27.72 கோடி, பங்கு மூலதனச் செலவு 14%, வரி 25.168%. எடையிட்ட சராசரி மூலதனச் செலவான டபிள்யூஏசிசி எனக்கு 11.88% வருது, விடை 12.37%. எங்கே தப்பு?”

கூப்பனை எடுத்ததுதான் பெரிய தப்பு. 8% என்பது பத்திரம் வெளியிட்ட அன்றைய வட்டி. இன்று புதிதாகக் கடன் வாங்கினால் சந்தை கேட்பது ஒய்டிஎம்தான், அதாவது இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதம். எக்செல்லில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=RATE(5,80,-924.18,1000)
```

10% வரும். விலைக்கு முன் கழித்தல் குறி விட்டுப்போனால் #NUM! என்று நிற்கும். வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் 10, 40 என்று மாற்றுங்கள். அப்போது வருவது ஆறு மாத விகிதம், அதை ஆண்டுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

வரிக்குப் பின்: 10 × (1 − 0.25168) = 7.48%.

இதை மட்டும் திருத்தினால் 12.27%தான் வரும். மீதி இடைவெளிக்குக் காரணம், கடனை முகமதிப்பில் 10 கோடி என்று எடுத்திருக்கிறீர்கள். சந்தை மதிப்பு 9.24 கோடி, எடை 25%, பங்குக்கு 75%.

0.75 × 14 + 0.25 × 7.48 = 12.37

நிறுவனம் நஷ்டத்தில் ஓடி வரியே கட்டவில்லை என்றால் அந்த வரிக் கழிவை அப்படியே போடாதீர்கள். திவால் பயத்தில் விலை சரிந்த பத்திரத்திலும் கவனம்: அங்கே ஒய்டிஎம் உண்மையான கடன் செலவைவிட அதிகமாகக் காட்டும்.