தாம்பூலப் பை ஆர்டருக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கரூரில் வீட்டிலிருந்தே கல்யாணத் தாம்பூலப் பை செய்து தருகிறேன். மணமக்கள் பெயர் அச்சிட்ட துணிப்பை, தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். பொருளுக்கு 62 ரூபாய் ஆகிறது, 75 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 11 கல்யாணம் முடித்தும் கையில் பணம் நிற்கவில்லை. இப்போது ஒரு கேட்டரிங்காரர் மாதம் 4 கல்யாணம் தருகிறேன், பணம் 45 நாளில் என்கிறார். நகையை வைத்து 1,50,000 ரூபாய் எடுக்கலாமா? பிரிண்டிங் மிஷினும் வாங்கிவிடலாமா?

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். மிஷினும் இப்போது வேண்டாம். கேட்டரிங்காரரின் வேலையை எடுக்கலாம், ஆனால் அவர் சொல்கிற கணக்கில் எடுத்தால் ஐந்தாவது கல்யாணத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு முன் உங்கள் 62 ரூபாயைப் பார்த்துவிடுவோம், ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

தைத்த பை 24, அச்சுக்கூலி 4, தேங்காய் 27, வெற்றிலை 2, பாக்கு மஞ்சள் குங்குமம் பாக்கெட் 5 என்று அந்த 62 ரூபாயைப் பிரித்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் வேறாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். 500 பைக்கு ஆர்டர் என்றால், பைக்கு 13 ரூபாய் வீதம் 6,500 ரூபாய் லாபம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் 500 நல்ல பை கொடுக்க 500 பை வாங்கினால் போதாது. அச்சில் மை இழுவிப்போனது, காது தையல் பிரிந்தது என்று கழியும், அதனால் 515 பை அச்சிட வேண்டும். தேங்காயில் விரிசல், கண்ணில் ஈரம், அழுகல் என்று ஒதுக்கியது போக 500 தேற, 525 வாங்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஸ்கிரீன் என்கிற அச்சுச் சட்டம் போடுகிற செலவு 600 ரூபாய், அது 100 பை என்றாலும் 500 பை என்றாலும் அதேதான். பைக்குள் போட்டு அடுக்கும் பெண்களுக்குக் கூலி 1,500, மண்டபத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு 1,500.

கூட்டிப் பாருங்கள். அச்சிட்ட பை 14,420, ஸ்கிரீன் 600, தேங்காய் 14,175, வெற்றிலை 1,000, பாக்கு வகை 2,500, கூலியும் வண்டியும் 3,000. மொத்தம் 35,695. உங்களுக்கு வருவது 37,500. நிற்பது 1,805 ரூபாய், பைக்கு 3 ரூபாய் 60 பைசா. மூன்று நாள் உங்கள் உழைப்புக்கு இவ்வளவுதான். ஒரு ஆர்டரில் தேங்காய் விலை 4 ரூபாய் ஏறினால் அதுவும் போய், கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். 11 கல்யாணத்துக்குப் பணம் எங்கே போனது என்று இப்போது தெரிந்திருக்கும்.

500 பைக்கு விலை 85 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அப்போது 42,500 வந்து, 6,805 நிற்கும். 200 பைக்குக் கீழே போகும் ஆர்டருக்கு ஸ்கிரீன் செலவைத் தனியாக வாங்குங்கள். தேங்காயை மட்டும், “27 ரூபாய் வரை என் பொறுப்பு, அதற்கு மேல் அன்றைய சந்தை விலை” என்று எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் முன்பு பேசிய விலைக்குத் தேங்காயைக் கட்டிவைப்பது உங்களைப் போன்ற சிறு முதலுக்குத் தாங்காது.

இனி பணம் எப்போது வாங்குவது என்பது. இந்தத் தொழிலில் ஒவ்வொரு பொருளையும், ஆர்டர் கலைந்தால் இதை வேறு யாருக்காவது விற்க முடியுமா என்று கேட்டுப் பிரியுங்கள். வெறும் பை, பாக்குப் பாக்கெட், குங்குமம் எல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு ஆகும். தேங்காயையும் வெற்றிலையையும் நஷ்டத்துக்காவது சந்தையில் தள்ளிவிடலாம். பெயர் அச்சிட்ட பையைத்தான் யாரும் வாங்கமாட்டார்கள். மை பட்ட நிமிஷத்தில் அதன் விலை பூஜ்யம். ஆகவே அந்தப் பூஜ்யம் ஆகிற தொகை முழுதும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் மை படவேண்டும்.

நம் கணக்கில் அது 14,420-ம் 600-ம் சேர்ந்து 15,020 ரூபாய். 42,500-ல் 40 சதவீதம் அட்வான்ஸ் என்றால் 17,000, அதில் இது அடங்கிவிடும். தேங்காய் வாங்கப் போவதற்கு முதல் நாள் இன்னும் 45 சதவீதம், 19,125. மீதி 6,375-ஐ மண்டபத்தில் எண்ணிக் கொடுக்கும்போது வாங்குங்கள். முதல் இரண்டு தவணையில் 36,125 வந்துவிடுகிறது, உங்கள் மொத்தச் செலவு 35,695. கடைசித் தவணையை யாராவது இழுத்தடித்தாலும் தள்ளிப்போவது உங்கள் லாபம் மட்டும்தான், முதல் மாட்டாது. இப்படி நடந்தால் கல்யாண வீட்டு ஆர்டருக்குக் கடனே தேவைப்படாது.

அச்சு விஷயத்தில் இரண்டு காரியம் பணத்தைக் காப்பாற்றும். முதலாவது, பையில் தேதி போடாதீர்கள், பெயர் மட்டும் போதும். கல்யாணம் தள்ளிப்போனால் தேதி போட்ட பை வீண், பெயர் மட்டும் உள்ள பை பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, 500-ல் 450 பையில் பெயரும், 50 பையில் வெறும் ‘நன்றி, மீண்டும் வருக’ என்றும் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். அந்த ‘நன்றி’ ஸ்கிரீன் ஒருமுறை போட்டால் எல்லாக் கல்யாணத்துக்கும் ஆகும். அந்தப் பையைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து வைத்தால், கடைசி நேரத்தில் இன்னும் 30 பை கேட்டாலும் அதிலிருந்து கொடுக்கலாம், மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குப் போகும். பெயரெழுத்து, இனிஷியல், யார் பெயர் முதலில் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, “சரி” என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு அச்சிட்டு, ‘கார்த்திக்’ ‘கார்த்திக’ ஆகிவிட்டால் அந்த 15,020 உங்கள் தலையில்தான் விழும்.

இப்போது கேட்டரிங்காரர். 45 நாள் என்றால் ஒன்றரை மாதம், மாதம் 4 என்றால் 6 கல்யாணம். முதல் கல்யாணத்துப் பணம் கைக்கு வருமுன் நீங்கள் 6 கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பீர்கள். 6 முறை 35,695, அதாவது 2,14,170 ரூபாய். நகைக் கடன் 1,50,000 நாலு கல்யாணத்தோடு முடிந்துவிடும். அதுவும் முகூர்த்தங்கள் சீராக வராது. ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று வரும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது. வட்டிக்கு மட்டும் ஆடி மார்கழி கிடையாது. இதெல்லாம் அவர் உங்களுக்கு முழு 85 ரூபாய் கொடுப்பார் என்ற கணக்கில். மொத்தமாகத் தருகிறேன் என்று 78-க்குக் கேட்பார். 78-க்குக் கொடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு 3,305 ரூபாய்தான் நிற்கும், அதில் வட்டியும் போகவேண்டும்.

அவரிடம் வேறு மாதிரிப் பேசுங்கள். சமையலுக்கு அவர் எப்படியும் மூட்டைக் கணக்கில் தேங்காய் வாங்குகிறார், பந்திக்கும் மேடைக்கும் வெற்றிலை வாங்குகிறார். தாம்பூலத்துக்கும் சேர்த்து அவரையே வாங்கச் சொல்லுங்கள், உங்களைவிட மலிவாகவே அவருக்குக் கிடைக்கும். பை, அச்சு, பாக்கு வகை, அடுக்கும் வேலை, வண்டி மட்டும் உங்களுடையது. தேங்காய், வெற்றிலை கழித்தால் உங்கள் செலவு 20,520. பைக்கு 48 ரூபாய் கேட்டால் 24,000 வரும், 3,480 நிற்கும். பெயர் அச்சுக்கான 15,000-ஐ முன்பணமாக வாங்கிவிடுங்கள். அவர் அதைக் கல்யாண வீட்டு அட்வான்சிலிருந்துதான் தருவார், அவர் கைக்காசு இல்லை. பிறகு உங்கள் கையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு 5,520 ரூபாய்தான் வெளியே நிற்கும், ஆறுக்கும் சேர்த்து 33,120. அதைச் சேமிப்பிலிருந்தே சமாளிக்கலாம். முன்பணம் முடியவே முடியாது என்றால் அவருக்கு ‘நன்றி’ பை மட்டும் கொடுங்கள், பெயர் போடாதீர்கள்.

நீங்களே துணி வாங்கித் தைத்துக் கொடுப்பவராக இருந்தால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் தயாரிப்பாளராகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு நாள் பேசியிருந்தாலும் சரக்கு வாங்கியவர் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளில் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வெறுமனே வாங்கி விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆர்டரை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்து, சரக்கு வாங்கிக்கொண்டதற்குத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

செலவைக் குறைக்க கேட்டரிங்காரர், துணி போலத் தெரியும் பிளாஸ்டிக் இழைப் பையான நான்வோவன் பை கேட்பார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் உண்டு. பிடிபட்டால் சரக்கு பறிமுதல், அபராதம். துணிப்பையிலேயே நில்லுங்கள். காடா துணியில் பையின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்தாலே துணிச் செலவு இறங்கும். தேங்காய் எடையைத் தாங்குவது காது தையல்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிஷின் ஏன் வேண்டாம் என்றால், மாதம் 4 கல்யாணத்துக்கு நீங்கள் கொடுக்கும் அச்சுக்கூலி 8,240 ரூபாய். சொந்தமாக அச்சிட்டாலும் மை, ஆள் கூலி, கழிவு போக அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும், அதுவும் முகூர்த்த மாதங்களில் மட்டும். துணி அச்சில் மையைச் சூடுகாட்டிப் பதியவைப்பதில்தான் தேர்ச்சி வேண்டும். சரியாகப் பதியாத மை, தேங்காய் ஈரம் பட்டதும் மஞ்சள் பையில் சிவப்பாகக் கசியும். வெளியில் அச்சிட்டு வாங்கும்போதும் ஒரு பையை எடுத்து, ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள், அடுக்கிய பிறகு கண்டுபிடித்தால் பயனில்லை. தேங்காயையும் வந்தவுடன் பையில் போடாமல் ஒரு நாள் நிழலில் பரப்பி ஈரம் போக்குங்கள். குங்குமம், மஞ்சளை ஒரு வாரம் முன்பே அடுக்கிவைக்கலாம், வெற்றிலை மட்டும் கல்யாணத்துக்கு முந்திய இரவுதான்.

ஒரு தையிலிருந்து அடுத்த தை வரை இந்த விலையில், இந்தத் தவணையில் நடத்துங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட்டுப் பக்கம், அதில் கழிந்த பை எத்தனை, கழிந்த தேங்காய் எத்தனை என்று எழுதிவாருங்கள். அந்த ஒரு வருடத்து அச்சுக்கூலி மொத்தத்தை மிஷின் விலையோடு வைத்துப் பார்த்து, அப்போது வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.