வெற்றிலை போடாத இரண்டு நாள்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. நான்கு நாள்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்து கன்னமும் தாடையும் வீங்கிவிட்டன. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததில் வலி குறைந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. வீக்கம் மட்டும் கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது. இரண்டு நாளாக வெற்றிலைகூடப் போடவில்லை, அந்த மட்டில் நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. “அது முடியட்டும்” என்கிறார் அம்மா. திங்கட்கிழமை பல் டாக்டரிடம் காட்டினால் போதுமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. உங்கள் கடிதம் கிடைத்தவுடன் அதன் கீழே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்து, அன்றிரவே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னேன். அப்போது அவசரத்தில் காரணங்களை விளக்க நேரமில்லை. இதே போன்ற கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருவதால் அந்தக் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

வீக்கத்தையும் சர்க்கரையையும் எழுதிவிட்டு, போகிற போக்கில் வெற்றிலையைப் பற்றி ஒரு வரி எழுதி, அதை நல்லது என்றும் சொல்லியிருக்கிறீர்களே, என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். வெற்றிலைப் பழக்கம் உள்ள ஒருவர், யாரும் சொல்லாமல், வலியும் குறைந்த பிறகு, இரண்டு நாள் அதைத் தொடாமல் இருக்கிறார் என்றால் அது மனக்கட்டுப்பாடு அல்ல. ஒன்று, மடித்த வெற்றிலை உள்ளே போகும் அளவுக்கு வாய் திறக்கவில்லை; அல்லது ஊறும் எச்சிலை அவரால் விழுங்க முடியவில்லை. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. அம்மாவின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக வரும்படி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பொதுவாகப் பெரியவர்களுக்கு மூன்று விரல் நுழையும். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால், கடைவாய்ப் பல்லை ஒட்டியிருக்கும் மெல்லும் தசைகள் வரை தொற்று எட்டிவிட்டது, அதனால்தான் தாடை இறுகிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

வலி குறைந்ததை நீங்கள் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். பல்லின் வேர் நுனியில் சேரும் சீழ், எலும்புக்குள் இடமில்லாமல் அழுந்தி நிற்கும் வரையில்தான் வலி உயிரை எடுக்கும். அது எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும், வலியும் அடங்கிவிடும். எங்கே வெளியே வந்தது என்பதுதான் கேள்வி. வாயின் அடித்தளமாக ஒரு தசை, தாடை எலும்பின் உட்புறத்தில் சாய்வான கோடாக ஒட்டிக்கொண்டு, தட்டு போல விரிந்திருக்கிறது. முன்பக்கப் பற்களின் வேர் நுனிகள் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்கியிருக்கின்றன. ஆகவே அவற்றின் சீழ் வாய்க்குள் கொப்புளமாக உடையாமல், தாடைக்குக் கீழே கழுத்தில் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து அது நாக்கின் அடிக்கும் மறுபக்கத்துக்கும் பரவினால், வாயின் தளம் மேலெழும்பி, நாக்கை அண்ணத்தை நோக்கியும் தொண்டையை நோக்கியும் தள்ளும். 1836-இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் என்பவரின் பெயராலேயே மருத்துவர்கள் இந்த நோயை இன்றும் அழைக்கிறார்கள். இதில் நோயாளியின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது மூச்சுக்குழல் அடைபடுவதுதான். நிலைமை முற்றுவதற்குச் சில மணி நேரமே போதும்.

காய்ச்சல் இல்லை என்பதிலும் பொருளில்லை. மெடிக்கலில் கொடுக்கும் வலி மாத்திரைகளில் பல, காய்ச்சலையும் சேர்த்தே இறக்கிவிடும். கூடவே கொடுக்கும் ஆன்டிபயாடிக் சீழ்க்கட்டிக்குள் சரியாகப் போய்ச் சேராது, ஏனெனில் சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. சீழை வெளியேற்றி, அதற்குக் காரணமான பல்லைப் பிடுங்கியோ வேரைத் திறந்துவிட்டோ வழி செய்தால்தான் மருந்துக்கு வேலை உண்டு. வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். உப்பு ஒத்தடமும் பத்தும் இந்த வீக்கத்துக்கு வைத்தியம் அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை தொற்றைப் பரவவிடும்.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால், தோன்றட்டும். என் அத்தைக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்தான். என் தம்பியின் கல்யாணம் முடியட்டும் என்று அவர் சொன்னார், நாங்களும் கேட்டுக்கொண்டோம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு, வாயில் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல அவர் குரல் குழறியது, அசதி என்றோம். எல்லாரும் பாய் விரித்துப் படுத்த பிறகு அவர் மட்டும் சுவரோரம் முன்னால் குனிந்து உட்கார்ந்து, முந்தானையால் வழியும் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடியற்காலையில்தான் சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். 19 நாள் படுக்கை. அந்த முந்தானையை நான் பார்த்தும் கேட்காமல் படுத்தேன்.

அத்தையிடம் அன்று தெரிந்தவை எல்லாமே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றோடு, தாடைக்குக் கீழே வீக்கம் பலகை போலக் கெட்டியாவது, மறுபக்கமும் வீங்குவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சில் சத்தம் வருவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் பல்லாக இருந்தால் வீக்கம் கண்ணை நோக்கிப் போகும். இமை மூடிக்கொள்வதும், பார்வை இரண்டாகத் தெரிவதும், தலைவலியோடு பேச்சில் நிதானம் தப்புவதும் அதே அளவுக்கு அவசரம். கன்னம் மட்டும் லேசாக வீங்கி, வாய் நன்றாகத் திறந்து, விழுங்கவும் முடிகிறவர்கள் அன்றைக்கே கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவருக்கு ஸ்கேன், மயக்க மருந்து, மூச்சுக்குழலைக் காக்கும் ஏற்பாடு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். அதனால்தான் தெருமுனை கிளினிக்கைச் சொல்லாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவைச் சொன்னேன்.

“அது முடியட்டும்” என்று உங்கள் அம்மா சொன்னதை நீங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டீர்கள். மகளின் விசேஷத்தன்று தன் வாயைக் காட்டிக் காரியத்தைக் கெடுக்கிற தாயை நான் பார்த்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டு மறுத்துப் பேசத்தான் பெரிய பிள்ளை என்று ஒருவர் வீட்டில் இருக்கிறார். வளைகாப்பைத் தள்ளி வைக்கலாம், அம்மா இல்லாமலும் நடத்தலாம்; தங்கையிடம் அதைச் சொல்வது உங்கள் பொறுப்பு. மருத்துவமனைக்குப் போகும்போது அவர் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், சர்க்கரை மாத்திரை உள்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கஞ்சியோ காபியோ ஊட்டாதீர்கள். வழியில் அவரைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே அழைத்துச் செல்லுங்கள். இரவுத் துணைக்கு மனைவியை அனுப்பிவிட்டு வீடு திரும்பாமல், நீங்களே கூட இருங்கள்.