பலகைக்கு முந்தைய வாக்கியம்

வணக்கம் ஐயா. கோத்தகிரியில் என் பெரியப்பா தேயிலைத்தூள் கடை வைத்திருக்கிறார். புதுப் பலகைக்கு ஒரு வாசகம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். எப்படி வேண்டும் என்றால், “தரமான கடைன்னு தெரியணும், விலை கம்மின்னும் தெரியணும், டூரிஸ்ட்டும் வரணும், ஊர்க்காரங்களும் வரணும்” என்கிறார். இதுவரை நாற்பது எழுதிவிட்டேன், எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘மலையின் மணம், மனதின் இதம்’, ‘ஒரு மிடறு நீலகிரி’, ‘இலையிலிருந்து இதயம் வரை’ ஆகிய மூன்றில் எது சிறந்தது? ஆங்கிலத்திலும் ஒன்று வேண்டுமா?
க., கோத்தகிரி

அன்புள்ள க.,

மூன்றும் ஒன்றுதான். பெரியப்பாவின் கடைப்பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, எதிர்க்கடையின் பெயரை அங்கே வைத்து வாசித்துப் பாருங்கள்; ஓர் எழுத்தும் உறுத்தாது. நாற்பது எழுதியதை உழைப்பு என்று நீங்கள் எண்ணியிருக்கலாம், எனக்கு அது கடைக்குள் போய் உட்கார மனமில்லாமையாகவே படுகிறது. ஆங்கிலம் வேண்டுமா என்பதைப் பெயிண்டர் வரும் நாளில் பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இதே தவற்றை நான் கூலி வாங்கிக்கொண்டே செய்திருக்கிறேன். மதுரையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில், கொடைக்கானலில் ஏழு ரோட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் வழியில் கம்பளி உடைக் கடை வைத்திருந்த ஒருவர் என்னை அழைத்தார். அவரும் உங்கள் பெரியப்பாவைப் போலவே தரம், மலிவு, எல்லோரும் வர வேண்டும் என்ற மூன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் ‘குளிருக்கு ஒரு தோழன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன். ஒரு மாதத்தில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “பலகை நல்லா இருக்குங்க தம்பி. உள்ளே வந்து விலையைக் கேட்டுட்டு எல்லாரும் ஏரிக்கரைத் தள்ளுவண்டிக்குப் போயிடறாங்க” என்றார்.

வெட்கத்தோடு மீண்டும் மலையேறி, இரண்டு நாள் அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். உரிமையாளர் சொல்லும் பெயரடைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வதால் பயனில்லை. ‘தரம்’ என்றால் கடைசியாக யார் எதைத் திருப்பிக் கொண்டுவந்தார், ‘எல்லோரும்’ என்றால் நேற்று யார் எதை வாங்கினார் என்று ஒவ்வொரு சொல்லையும் ஒரு சம்பவமாக மாற்றும்வரை விடக் கூடாது. அதற்குப் பில் புத்தகம் போதும். ஒவ்வொரு பில்லுக்கும் நேராக நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: அன்றைக்கு இந்தக் கடை மூடியிருந்தால் இவர் என்ன செய்திருப்பார்?

இந்தக் கேள்வியை நான் வருடக்கணக்காகப் பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்லாமல் விடப்போவதில்லை. கடைக்காரர்கள் தம் போட்டியாளர் பக்கத்துக் கடைதான் என்று நம்புகிறார்கள். வாங்குபவரின் மனத்தில் கடைக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் வேறொன்று. மாலை ஆறு மணிக்கு நடுங்கிக்கொண்டு வந்த சுற்றுலாக் குடும்பம், கடை மூடியிருந்தால் ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் ஓர் அக்ரிலிக் ஸ்வெட்டரை வாங்கியிருக்கும். ஒரு மாலைக்கு அதுவே அவர்களுக்குப் போதும், விலையும் குறைவு. உள்ளூர்க்காரர் வீட்டில் இருக்கும் பழையதையே இன்னொரு வருடம் போட்டிருப்பார். ஆனால் வேறொரு வகைப் பில்களும் இருந்தன. இரண்டு ஸ்வெட்டர், நான்கு ஜோடிக் காலுறை, ஒரு போர்வை என்று எல்லாம் ஒரே பில்லில் இருக்கும்; உரிமையாளர் “இது யாரும் வாங்கறதில்லை” என்று சொன்ன பின்பக்க அலமாரிக் கம்பளிதான் அவற்றில் பெரும்பாலும். பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோர் அவர்கள். கடை இல்லையென்றால் அவர்கள் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கிய மெல்லிய ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருப்பார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவுக்கு அது தாங்காது என்பது பிள்ளை கடிதம் எழுதிய பிறகே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகுதான், பலகை வாசகத்துக்கு முன்னால் எழுதவேண்டிய அந்த வாக்கியத்தை எழுதினோம்: “பிள்ளையை முதன்முறையாகக் கொடைக்கானல் விடுதியில் சேர்க்க வரும் சமவெளிப் பெற்றோருக்கு, ஊரில் வாங்கிவந்த மெல்லிய ஸ்வெட்டருக்குப் பதிலாக, இரண்டு கல்வியாண்டு தாங்கும் உண்மையான கம்பளியைப் பிள்ளை வளர இடம்விட்டுத் தேர்ந்து கொடுக்கும் கடை இது, தையலோரத்து நூலை அவர்கள் கண்முன்னே கொளுத்திக் காட்டுவதால் நம்பலாம்.” கேட்க அழகாக இல்லை, இருக்கவும் வேண்டாம், இது பலகையில் ஏறப்போவதில்லை. யாருக்கு, எந்த நேரத்தில், எதற்குப் பதிலாக, என்ன வேறுபாடு, ஏன் நம்ப வேண்டும் என்ற ஐந்தும் ஒரே மூச்சில் இதில் இருக்கின்றன. கடைசிப் பகுதி வெறும் பேச்சன்று. கம்பளி நூல் எரியும்போது முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கறுத்த மணியாக இறுகும். அவர் தீக்குச்சியோடு செய்துகாட்டிய அந்த அரை நிமிடத்தில் ஒரு தாய் விலை பேசுவதையே நிறுத்தியதைப் பார்த்தேன்.

வாக்கியம் கூர்மையாகிவிட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை, அதன் பெயரால் உரிமையாளர் எதையாவது அலமாரியிலிருந்து இறக்கச் சம்மதிக்கிறாரா என்பதே. இவர் வாசலில் தொங்கவிட்டிருந்த குரங்குத் தொப்பிகளை எடுக்க மாட்டேன் என்று இரண்டு மணி நேரம் வாதாடினார். நியாயமான பயம்தான், விடுதிப் பெற்றோர் பள்ளி திறக்கும் பருவத்தில்தான் திரளாக வருவார்கள், மற்ற மாதங்களில் கல்லா எப்படி நிரம்பும்? ஒரு வருடப் பில்களைக் கூட்டிப் பார்த்தோம். அவருடைய கடையில் அந்தப் பெற்றோரின் கணக்கே மேலோங்கி நின்றது. நிற்காமல் போயிருந்தால் வாக்கியத்தைத்தான் மாற்றியிருக்க வேண்டும், கணக்கை அன்று. கடைசியில் தொப்பிகள் உள்ளே போயின, கம்பளி முன்னுக்கு வந்தது.

வாசகம் அதற்குப் பிறகு கால் மணி நேரத்தில் கிடைத்தது, அதையும் நான் எழுதவில்லை. மகனுக்குக் கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுப் பார்த்த ஒரு தாய், “இது அடுத்த வருஷத்துக்கும் ஆகுமா?” என்று கேட்டார். உரிமையாளர் எப்போதும் சொல்லும் பதிலே பலகையில் ஏறியது: ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.’ இதைத் தள்ளுவண்டிக்காரர் எழுதிக்கொண்டால் அடுத்த நாளே அவருக்கே சிரிப்பு வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேயிலைத்தூளில் உங்கள் பெரியப்பாவுக்கு என்னென்ன வகை வாடிக்கை என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, நாற்பது வாசகங்களுக்கு இடம் இருந்தும். டீக்கடைக்காரர் பாலில் நிறமும் திடமும் இறங்கும் டஸ்ட் என்ற பொடித்தூளை மூட்டையாக எடுப்பார், கடை மூடியிருந்தால் அடுத்த கடையில் அதே தூளை வாங்குவார். வண்டியை நிறுத்திவிட்டு வரும் சுற்றுலாப் பயணி எந்தக் கடை கண்ணில் பட்டாலும் கால் கிலோ வாங்குவார். பால் சேர்க்காமல் குடிப்பதற்கு ஆர்த்தடாக்ஸ் இலைத்தூளைக் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் கேட்கும் குடும்பங்கள் உண்டா? உண்டென்றால், பெரியப்பா கடை மூடியிருக்கும் மாதத்தில் அவர்கள் எதைக் குடிக்கிறார்கள்? கடந்த மூன்று மாதப் பில்களோடு அவரருகில் உட்காருங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக விடையை எழுதுங்கள். விடை தெரியாத பில் இருந்தால் அந்த வாடிக்கையாளரையே கூப்பிட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், தன் வீட்டுத் தேநீரைப் பற்றிக் கேட்டால் யாரும் சந்தோஷமாகவே பேசுவார்கள்.

அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். வாசலில் இருந்து எந்த மூட்டையை உள்ளே தள்ளப் பெரியப்பா சம்மதித்தார் என்பதையும் கூடவே எழுதுங்கள்.