வட்டியில்லாக் கைமாற்றுக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி

திருகோணமலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து மாதம் ஒருமுறை, 1ஆம் திகதி வாக்கில், 5 லட்சம் ரூபாய்க்குக் குழாய், பெயின்ட், வயர் எடுப்பேன். பில்லின் அடியில் 2/10, n/30 என்று போட்டிருக்கும், அதாவது பத்து நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழிவு, இல்லையென்றால் முப்பது நாளுக்குள் முழுத் தொகை. நான் முப்பதாவது நாளில்தான் கட்டுவேன். மாதத் தொடக்கத்தில் சேரும் காசில் 4 லட்சத்தை மனைவியின் தம்பி தன் லொறித் தொழிலுக்குக் கைமாற்றாக வாங்கி, 25ஆம் திகதி திருப்பித் தந்துவிடுவார். வட்டி வாங்குவதில்லை. வங்கியில் 6 லட்சம் நிலையான வைப்பு 8 சதவீதத்தில் கிடக்கிறது. 8 சதவீதத்தைக் கலைத்து 2 சதவீதக் கழிவு வாங்குவது நட்டம்தானே? மாதம் 4 சதவீதம் தரும் ஒரு செயலியில் போடச் சொல்லி நண்பர் ஒருவரும் நச்சரிக்கிறார். நாள் முழுக்க வியாபாரம் நடந்தும் கையில் காசு நிற்கவில்லை. கவலையாக இருக்கிறது.
— ஒரு வாசகர், உப்புவெளி

பதில்:

வைப்பையும் கழிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் கணக்கு பிசகியிருக்கிறது. 8 சதவீதம் ஒரு முழு வருஷத்துக்கு. 2 சதவீதமோ வெறும் 20 நாளுக்கு. பத்தாம் நாள் 4,90,000 கட்டினால் கடன் தீர்ந்துவிடும். கட்டாமல் முப்பதாம் நாள் வரை இழுத்தால் 5,00,000 கட்ட வேண்டும். அதாவது மொத்தவியாபாரி உங்களுக்கு 4,90,000 ரூபாயை 20 நாள் கடனாகத் தந்து, அதற்கு 10,000 ரூபாய் வட்டி எடுக்கிறார். வருஷக் கணக்கில் அது 37 சதவீதத்தைத் தாண்டும். அதே 4,90,000 உங்கள் வைப்பில் 20 நாள் கிடந்தால் கிடைப்பது ஏறக்குறைய 2,150 ரூபாய்தான்.

ஆனால் உங்களுக்கு வைப்பைக் கலைக்க வேண்டிய தேவையே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மச்சானுக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அவர் கட்டாத வட்டியை ஒவ்வொரு மாதமும் நீங்கள் கொழும்புக்குக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 4 லட்சம் கையில் இல்லாததால் 10,000 ரூபாய்க் கழிவு போகிறது, வருஷத்துக்கு 1,20,000. அவர் நல்ல மனிதர், சொன்ன திகதியில் திருப்பித் தருகிறார், அதெல்லாம் சரி. இந்த நட்டம் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை. கணக்குக் கொப்பியில் எங்கேயும் எழுதப்படாத செலவு இது, அதனால்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

மாற்றுவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. ஒரே ஒரு மாதம் இறுக்கிப் பிடித்தால் போதும். இந்த மாதம் 25ஆம் திகதி அவர் தரும் காசோடு பழைய பில்லை வழக்கம்போல் 30ஆம் நாள் அடைத்துவிடுங்கள். அடுத்த பில் வந்ததும், முதல் வாரத்துக் காசு 4 லட்சத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். இன்னும் 90,000 குறையும். அதை வைப்பைப் பிணையாக வைத்து வங்கியில் மேலதிகப்பற்றாக எடுக்கலாம். வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடக் கேட்பார்கள் என்று வையுங்கள். 90,000 ரூபாய்க்கு 20 நாளுக்கு 11 சதவீதம் என்றாலும் 550 ரூபாய்க்குள் முடியும். 550 கொடுத்து 10,000 மிச்சம். அந்த மாதக் கடைசியில் கட்ட வேண்டிய பில் எதுவும் இருக்காது. ஆகவே இரண்டாவது மாதத்திலிருந்து கடன் இல்லாமலே பத்தாம் நாளுக்குள் கட்டும் காசு கடையிலேயே சேர்ந்திருக்கும்.

மச்சானிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கணக்கைவிடப் பெரிய தலையிடி என்று தெரிகிறது. முகத்தில் அடித்ததுபோல் மறுக்க வேண்டாம். பில்லைக் காட்டி, 10,000 ரூபாய் எங்கே போகிறது என்று அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். இனி கேட்பதென்றால் 12ஆம் திகதிக்குப் பிறகு கேட்கட்டும், தொகையும் ஒரு லட்சத்துக்குமேல் போகக் கூடாது, மாதம் முடிய முன் திரும்ப வரவேண்டும். லொறிக்கு நிரந்தரமாகக் காசு தேவைப்படுகிறதென்றால் அவர் வங்கியில் எடுக்கட்டும். அவருடைய தொழிலின் முதலை உங்கள் கடை கல்லாவிலிருந்து எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். பத்து நாள் பில் திகதியிலிருந்து ஓடும், லொறி திருகோணமலைக்கு வந்து சாமான் இறங்கும் நாளிலிருந்து அல்ல. சாமான் மூன்று நாள் பிந்தினால் உங்களுக்கு மிஞ்சுவது ஏழு நாள்தான். சிலர் பில் போட்ட நாளையும் சேர்த்து எண்ணுவார்கள், ஆகவே ஒன்பதாவது நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். காசோலை என்றால் அவர் கணக்கில் காசு விழும் நாளைத்தான் பார்ப்பார். நடுவில் போயா விடுமுறை வந்தால் போச்சு. ஒன்லைனில் மாற்றிவிட்டு, ரசீதை பில் இலக்கத்தோடு அனுப்பி வையுங்கள். 2 சதவீதம் வற் சேர்த்த தொகைக்கா, சேர்க்காத தொகைக்கா என்றும் ஒருமுறை கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உடைந்த பெயின்ட் டின், குறைந்த குழாய் எதுவும் இருந்தால் கட்டுவதற்கு முன்பே கழித்துக்கொள்ள வேண்டும். காசு போன பிறகு அதற்காக அலைவது தனி வேலை.

இன்னொன்று, பலரும் தவறு விடும் இடம் இது. பத்தாம் நாளைத் தவறவிட்டீர்கள் என்றால் பதினைந்தாம் நாள் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கழிவு ஏற்கெனவே போய்விட்டது, அந்த நேரம் முன்கூட்டிக் கட்டுவதில் உங்களுக்கு ஒரு சதமும் லாபம் இல்லை. முப்பதாம் நாள் வரை காசைக் கையில் வைத்திருங்கள். அதற்காக நாற்பது, ஐம்பது நாள் என்று இழுப்பதும் வேண்டாம். அப்புறம் அவர் முதலில் நிறுத்துவது கழிவை, அடுத்தது சரக்கை.

எந்தக் கடனையும் எடுத்துக் கழிவைப் பிடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 20 நாளுக்கு 2 சதவீதம் என்றால் மாதத்துக்குச் சுமார் 3. கைக்கடன் நூற்றுக்கு 3 வட்டி, அதற்கு மேல் என்றால் கழிவை விட்டுவிடுங்கள். அந்த வட்டியிலேயே அது கரைந்துபோகும். அதேபோல் கழிவு கிடைக்கிறதே என்று கூடுதலாகச் சரக்கு இறக்க வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கி தை வரை நிலாவெளிப் பக்கம் கட்டிட வேலை படுத்துவிடும், கடனுக்குச் சாமான் எடுத்த விடுதிக்காரர்களும் பருவம் திரும்பும் வரை தவணை சொல்வார்கள். அந்த மாதங்களில் பில்லை 3 லட்சமாகக் குறைத்துக் கழிவு வாங்குவது, 5 லட்சத்துக்கு எடுத்துத் திணறுவதைவிட நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை வேறு இரண்டு மொத்தவியாபாரிகளிடம் ரொக்க விலை கேட்டுப் பாருங்கள். கழிவு போக உங்களுக்கு விழும் விலை அவர்களுடையதைவிடக் கூட என்றால், விலையை ஏற்றிவைத்துத்தான் கழிவு தருகிறார்.

செயலி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. மாதம் 4 சதவீதத்தை யார், எந்த வியாபாரத்தில் சம்பாதித்துத் தருகிறார்கள் என்று நண்பரால் சொல்ல முடியுமா? புதிதாக ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்; பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை, நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பவரும் மாட்டுவார். உங்கள் சொந்தப் பில்லிலேயே மாதம் 3 சதவீதம் எழுத்தில் இருக்கிறது. அடுத்த பில் வந்த அன்றே அதன் ஒன்பதாவது நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்தத் திகதியை வீட்டிலும் மச்சானுக்கும் சொல்லிவிடுங்கள்.